ஏக்கத்தைக் கேமராவின் மொழியில் எழுதுவது

காபித் தூள் விளம்பரத்துக்கான குறிப்பு ஒன்று இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'வாங்குபவர், பெங்களூரில் தனியாகத் தங்கி வேலை பார்க்கும் 30 வயதுப் பெண். உணர்வு, வீட்டு ஏக்கம்.' இதை அப்படியே படம் உருவாக்கும் ஏஐ கருவியிடம் கொடுத்தால், பழுப்பேறிய பழங்காலக் காட்சியோ ஜன்னலோரம் சோகமாக நிற்கும் பெண்ணோதான் பெரும்பாலும் வரும். கேமரா கண்ணுக்குப் படுவதைத்தான் எழுதித் தர வேண்டும்.

அந்த உணர்வு எந்த நொடியில் வருகிறது? டிகாக்‌ஷன் மணம் மூக்கைத் தொடும்போது. ஆகவே: சிறிய வாடகை வீட்டுச் சமையலறை, காலை 6.30 மணி, இடப்பக்க ஜன்னலிலிருந்து சாய்ந்து விழும் இளவெயில், கலைந்த பின்னல், கசங்கிய பருத்திக் குர்தா, பித்தளை டம்ளர் டபராவிலிருந்து எழும் ஆவி, பாதி மூடிய கண்கள், உதட்டோரம் லேசான சிரிப்பு. முகத்துக்கு நெருக்கமான கோணம்.

டபராவைச் சொல்லாவிட்டால் பீங்கான் கோப்பை வந்துவிடும். 'சோகம் வேண்டாம்' என்று எழுதினாலும் சோகம் எட்டிப் பார்க்கலாம். வேண்டியதை மட்டும் எழுதுவதே நல்லது.

வந்த படத்தை, குறிப்பைப் படிக்காத ஒருவரிடம் காட்டுங்கள். 'தூக்கம் கலையவில்லை போல' என்று அவர் சொன்னால், முதலில் கண்களை மட்டும் மாற்றிப் பாருங்கள், பிறகு ஒளியை. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.