வாக்குச்சாவடி முடிவுத்தாளின் ஒளிப்படத்திலிருந்து வேட்பாளர்வாரி வாக்குத்தொகை: படிவம் 17சி வழி ஒரு விளக்கம்

முன்னுரை

இந்தியத் தேர்தல் நடத்தை விதிகள், 1961 வகுத்துள்ள படிவம் 17சி, ஒரு வாக்குச்சாவடியின் வாக்குக் கணக்கைத் தாங்கியது. அதன் முதற்பகுதியை வாக்குப்பதிவு முடிந்ததும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் நிரப்புகிறார். எண்ணிக்கை முடிவைக் கூறும் இரண்டாம் பகுதி எண்ணும் மேசையில் நிரப்பப்படுகிறது. பெரும்பாலும் கையெழுத்தில் அமையும் இப்படிவத்தின் ஒளிப்படத்தை எண்தரவாக மாற்றும்போது படிப்பவரின் பிழையையும் தாளின் பிழையையும் வேறுபடுத்தும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

படிவத்துள் அமைந்த சமன்பாடுகள்

படிவம் தன்னைத்தானே சரிபார்க்கும் மூன்று உறவுகளைக் கொண்டுள்ளது. முதற்பகுதியில், வாக்காளர் பதிவேட்டின்படியான எண்ணிக்கையிலிருந்து (இனம் 2), வாக்களிக்க விரும்பாதோரையும் (இனம் 3) வாக்களிக்க அனுமதிக்கப்படாதோரையும் (இனம் 4) கழித்தால், இயந்திரம் காட்டும் மொத்தம் (இனம் 6) கிடைக்க வேண்டும். இரண்டாம் பகுதியில், ஒவ்வொரு வரிசையிலும் கருவி காட்டிய வாக்கிலிருந்து சோதனை வாக்கைக் கழித்தால் இறுதி வாக்கு வர வேண்டும். கருவி காட்டிய வாக்குகளின் கூட்டுத்தொகை இனம் 6-உடன் பொருந்த வேண்டும். சோதனை வாக்கு என்பது, தாம் அளித்த வாக்கு தாள்சீட்டில் தவறாகக் காட்டப்பட்டது என முறையிடும் வாக்காளர் விதி 49எம்ஏ-வின்படி மீண்டும் பதிவுசெய்வதாகும். அது பதிவேட்டிலும் இரண்டாம் முறை குறிக்கப்படுவதால் முதல் உறவு குலைவதில்லை.

எடுத்துக்காட்டு

விளக்கத்திற்காக அமைத்துக்கொண்ட ஒரு தாளில் இனம் 2 = 742, இனம் 3 = 1, இனம் 4 = 0, இனம் 6 = 741 எனக் கொள்வோம். முதல் உறவு பொருந்துகிறது. ஆகவே 741 என்னும் எண்ணை நம்பி மேற்செல்லலாம். இரண்டாம் பகுதியின் முதற்படிப்பு பின்வருமாறு அமைகிறது:

| வ.எண் | கருவி காட்டியது | சோதனை வாக்கு | இறுதி வாக்கு |
|---|---|---|---|
| 1 | 312 | 0 | 312 |
| 2 | 287 | 1 | 286 |
| 3 | 94 | 0 | 94 |
| 4 | 37 | 0 | 31 |
| 5 | 9 | 0 | 9 |
| நோட்டா | 8 | 0 | 8 |

இரண்டாம் நிரலின் கூட்டுத்தொகை 747. தாளிலுள்ள மொத்தத்தைவிட 6 மிகுதி. இந்த 6 என்னும் வேறுபாடு மட்டும் பிழை எவ்வரிசையில் உள்ளது என்பதைக் காட்டாது. 287-ஐ 281 என்றோ, 9-ஐ 3 என்றோ, 8-ஐ 2 என்றோ மாற்றினாலும் கூட்டல் சரியாகிவிடும். வரிசையுறவே இங்கு முடிவுசெய்கிறது: 37-இலிருந்து சுழியத்தைக் கழித்தால் 31 வராது, பிற வரிசைகள் அனைத்தும் பொருந்துகின்றன. மீண்டும் ஒளிப்படத்தை நோக்கி, அதே கையெழுத்தில் 1, 7 ஆகியன பிறவிடங்களில் எழுதப்பட்ட வடிவத்துடன் ஒப்பிட்டால், 7 எனப் படிக்கப்பட்டது மேற்கொக்கி நீண்ட 1 என்பது தெளிவாகும். திருத்தியபின் நிரலின் கூட்டுத்தொகை 741. சோதனை வாக்கு நீங்கிய இறுதித்தொகை 740. இதில் நோட்டா 8 அடங்கும். வேட்பாளர்கள் பெற்றவை 732. தொகுதி முடிவைத் தொகுக்கும் படிவம் 20-இல் நோட்டா தனி நிரலாக வருவதால், அதனுடன் ஒப்பிடுவோர் செல்லத்தக்க வாக்குகளின் நிரலில் 740-ஐ அன்றி 732-ஐயே தேட வேண்டும்.

கூட்டல் காட்டாத பிழைகள்

மொத்தம் பொருந்துவது மட்டும் போதிய சான்றாகாது. சாய்வாக எடுத்த ஒளிப்படத்தில் பெயர் ஒரு வரிசையிலும் எண் அடுத்த வரிசையிலும் இணைந்துவிட்டால், வாக்குகள் இடம் மாறும், கூட்டுத்தொகையோ மாறாது. இப்பிழையே முடிவை மாற்றவல்லது. ஆதலின் தாளின் நான்கு மூலைகளையும் கொண்டு படத்தை நேராக்கியபின், வரிசையெண்ணையும் பெயரையும் போட்டியிடும் வேட்பாளர் பட்டியலான படிவம் 7ஏ-வுடன் ஒப்பிட்டே எண்களைப் பதிய வேண்டும். ஒன்றையொன்று ஈடுசெய்யும் இரு படிப்புப் பிழைகளையும் கூட்டல் மறைத்துவிடும்; இருவர் தனித்தனியே படித்து ஒப்பிடுவது அதனைப் பெரும்பாலும் வெளிப்படுத்தும்.

சில வேளைகளில் எண்கள் ஐயமின்றித் தெளிவாயிருந்தும் உறவு பொருந்தாது. மாதிரி வாக்குப்பதிவின் வாக்குகளை நீக்காமல் பதிவைத் தொடங்கியிருந்தால், இனம் 6 பதிவேட்டு எண்ணிக்கையை விஞ்சும். இது தாள் கூறும் உண்மையான முரண். படிப்பவர் சரிசெய்தற்குரியது அன்று.

முடிவுரை

சுவடிப் பதிப்பில் மூலபாடமும் பதிப்பாசிரியர் திருத்தமும் வேறாகக் காட்டப்படுதல் போல, இங்கும் தாளில் எழுதியுள்ள எண், கணக்கிட்டுப் பெற்ற எண், இரண்டிற்குமான வேறுபாடு ஆகியவை தனித்தனி நிரல்களில் நிற்றல் வேண்டும். ஒளிப்படத்தின் சான்றின்றிக் கூட்டலைப் பொருத்துவதற்காக மட்டும் ஓர் இலக்கத்தை மாற்றினால், தாளில் இருந்த முரண் தரவிலிருந்து மறைந்துவிடும். தெளிவுறாத வரிசையை ஐயத்திற்குரியது எனக் குறித்து வெற்றாக விடுவதே முறையாகும்.