சுவரும் சட்டமும் போக, படம் மட்டும்

பல வீடுகளில் தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் சட்டத்துக்குள் இருந்தபடியே கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வருடக்கணக்கில் ஈரக்காற்று பட்டதன் விளைவு அது. பிரிக்கப் பார்த்தால் முகம் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். அப்படிப்பட்ட படத்தை, சட்டத்தோடு செல்போனில் எடுத்து, பிறகு கணினியில் சுவர், சட்டம், மவுண்ட் அட்டை எல்லாவற்றையும் கழிப்பதுதான் பாதுகாப்பான வழி.

எடுத்த போட்டோவில் சட்டம் நேர்ச்சதுரமாக இருக்காது. ஆணியில் தொங்கும் படத்தின் மேல்பக்கம் முன்னால் சாய்ந்திருக்கும். நாமோ கீழிருந்து எடுத்திருப்போம். எனவே முதல் வேலை கோணலை நிமிர்த்துவது. இங்கேதான் பலர் சட்டத்தின் வெளி மூலைகளைப் பிடிக்கிறார்கள், அல்லது சுவரின் கோட்டை நம்புகிறார்கள். இரண்டும் தப்பு. சுவர் ஒரு சாய்வில், படம் இன்னொரு சாய்வில் இருக்கிறது. சட்டத்தின் முகமோ படத்தைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னால் நிற்கிறது. பிடிக்க வேண்டியது, மவுண்ட் அட்டையின் சன்னலுக்குள் படம் தெரிகிற நான்கு மூலைகளை. அட்டையைச் சரிவாக வெட்டியிருந்தால் விளிம்பில் மெல்லிய வெள்ளைக்கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டின் உள்ஓரம், அதாவது அட்டை படத்தைத் தொடும் இடம், அதுதான் மூலை.

இலவசமாகக் கிடைக்கும் GIMP மென்பொருளில் இதைச் செய்து பார்ப்போம். Perspective கருவியை எடுத்து, Direction என்ற இடத்தில் Corrective எனத் தொடங்கும் தெரிவையும், Clipping என்ற இடத்தில் Clip என்பதையும் வையுங்கள். நான்கு பிடிகளையும் நான்கு மூலைகளுக்கு இழுத்து Transform கொடுத்தால், அட்டையும் சட்டமும் சுவரும் திரைக்கு வெளியே போய்விடும். படம் மட்டும் நிமிர்ந்து நிற்கும்.

வேலை முடிந்ததுபோல் தெரியும், முடியவில்லை. நீங்கள் பிடித்த நாற்கோணத்தை மென்பொருள் உங்கள் போட்டோ முழுவதின் வடிவத்துக்கு நிரப்பிவிட்டது. செங்குத்தாக எடுத்த போட்டோ 3000 பிக்சல் அகலம், 4000 உயரம் என்றால் படமும் அதே அளவில் நிற்கும். உண்மையான படத்தின் வடிவம் அதற்குத் தெரியாது. ஆகவே சட்டத்துக்குப் பக்கத்தில் போய், அட்டைச் சன்னலை ஸ்கேலால் அளந்துவிடுங்கள். அகலம் 7.5 அங்குலம், உயரம் 9.5 என்று வைத்துக்கொள்வோம். 9.5-ஐ 7.5-ஆல் வகுத்து 3000-ஆல் பெருக்கினால் 3800. திரையில் இருப்பது 4000. தாத்தா ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு கூடுதல் உயரமாகிவிட்டார், முகமும் ஒடுங்கிவிட்டது. Image மெனுவில் Scale Image திறந்து, அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலியைக் கழற்றிவிட்டு, உயரத்தை 3800 என மாற்றுங்கள். இந்த ஒரு படியை விடுபவர்கள்தான் அதிகம். விட்டது கண்ணுக்கு உடனே தெரியாது. வேறொரு படத்தில் அதே முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கடைசியாக ஓரங்களைப் பெரிதாக்கி, நான்கு பக்கமும் நகர்த்திப் பாருங்கள். ஒரு மூலையில் தொடங்கி ஆப்பு மாதிரி அகலும் அட்டைக்கீற்று தெரிந்தால், அது அகன்று முடியும் மூலையைத் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள். மூலைகள் சரியாக இருந்து ஓரத்தின் நடுவில் மட்டும் அட்டை எட்டிப்பார்த்தால், காரணம் லென்ஸின் வளைவு. மூலைகளை எத்தனை முறை மாற்றினாலும் அது போகாது. மூலப் போட்டோவுக்குத் திரும்பி, Filters மெனுவின் Lens Distortion-இல் வளைவை முதலில் எடுத்துவிட்டு, பிறகுதான் நிமிர்த்த வேண்டும். இரண்டடி தள்ளி நின்று ஜூம் வைத்து எடுத்தால் இந்தத் தொல்லை குறையும்.

மேல் ஓரத்தில் அட்டையின் நிழல் கறுப்புப் பட்டையாக விழுந்திருக்கலாம். அதையும் மிச்சக் கீற்றுகளையும் கிராப் செய்துவிடலாம். ஆனால் விகிதத்தைச் சரிசெய்த பிறகே செய்யுங்கள். முன்பே வெட்டினால் ஸ்கேலில் எடுத்த அளவு பொருந்தாது. தலைப்பாகையோ கால்விரலோ நிழலுக்குள் இருந்தால் வெட்ட வேண்டாம், நிழல் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு வேண்டுகோள். எதையும் வெட்டாத முதல் போட்டோவைத் தனிக் கோப்பாக வைத்திருங்கள். ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் பல படங்களில் மவுண்ட் அட்டையின் கீழ் மூலையில்தான் அச்சிட்டிருக்கும். அந்தப் படம் எங்கே எடுத்தது என்பதற்கு வீட்டில் வேறு சான்று இல்லாமலிருக்கலாம்.