ஐந்நூற்றுக்கு மேல் ஒரு யூனிட்

யூனிட் கூடினால் முழுப் பயன்பாட்டுக்கும் உயர்ந்த கட்டணமே விழும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒவ்வோர் அடுக்கில் விழும் யூனிட்டுக்கும் அந்த அடுக்கின் கட்டணம்தான்.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடியிருக்கிறது. முதல் 100 இலவசம். அடுத்த 100 யூனிட், 2.25 ரூபாய் வீதம் 225 ரூபாய். அதன்பின் 200 யூனிட், 4.50 வீதம் 900. கடைசி 100 யூனிட், 6 ரூபாய் வீதம் 600. மொத்தம் 1,725 ரூபாய்.

இன்னும் ஒரு யூனிட் ஓடினால்?

அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய்தான். ஆனால் 500-ஐத் தாண்டியவர்களுக்குத் தனி அட்டவணை. அதில் 2.25 ரூபாய்ச் சலுகை கிடையாது. 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ரூபாய். ஆக 1,350, 600, 8 சேர்ந்து 1,958 ரூபாய். ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுகிறது! சிக்கனமாக இருக்கும் குடும்பத்தை இது உண்மையிலேயே உறுத்தும்.

2024 ஜூலையில் கட்டணங்கள் உயர்ந்தன. கணக்குப் போடும் முறை இதேதான். கடைசி ரீடிங்கை இன்றைய ரீடிங்கிலிருந்து கழித்தால் ஓடிய யூனிட் தெரியும். ரீடிங் எடுக்க ஆள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே மீட்டரைப் பாருங்கள். எண்ணிக்கை 450-ஐத் தொட்டிருந்தால், ஏசியையும் கீசரையும் அந்த வாரம் குறைத்துக்கொள்ளுங்கள்.