நின்றால் தீரும் வலி, உட்கார்ந்தால் தீரும் வலி

கணவன், மனைவி இருவருக்கும் ஒரே குறை. நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, ஓய்வெடுத்தால் விட்டுவிடுகிறது. அவர் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர், வயது 67. அந்த அம்மாவுக்கு 63. காலையில் சேர்ந்து நடக்கப் போகிறவர்கள், இரண்டு பேருக்கும் ஒரே மருந்துச்சீட்டாக எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று சிரித்தபடிதான் என் அறைக்குள் வந்தார்கள். அவர் கையில் ஒரு பெரிய எம்.ஆர்.ஐ. உறை இருந்தது. முதுகுத்தண்டில் நான்காவது, ஐந்தாவது இடுப்பு எலும்புகளுக்கு நடுவே நரம்பு போகும் பாதை குறுகியிருப்பதாக அறிக்கை சொன்னது. இடுப்புக்குப் பெல்ட் போட்டு ஆறு மாதம் ஆகிவிட்டதாம். வலி அப்படியே இருக்கிறது. அடுத்தது முதுகில் ஆபரேஷன்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

படத்தை ஓரமாக வைத்துவிட்டு நான் ஒன்றுதான் கேட்டேன். வலி வந்ததும் என்ன செய்வீர்கள்?

“அப்படியே நின்னுடுவேன் டாக்டர். பிள்ளையார் கோயில்கிட்ட ஒரு கரண்ட் கம்பம் இருக்கு. அதுல சாஞ்சுகூட நிக்க வேணாம், சும்மா நின்னாப் போதும். ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும். மறுபடி நடப்பேன். மறுபடி அதே தூரத்துல பிடிச்சுக்கும்.”

“எனக்கு நின்னா ஆகாது டாக்டர்,” என்றார் அந்த அம்மா. “நிக்கிறதுதான் சங்கடமே. ரேஷன் கடை வரிசையில பத்து நிமிஷம் நின்னாலே ரெண்டு காலும் மரத்துக் கனக்குது. எங்கயாவது பாலக்கட்டை கிடைச்சா உக்காந்து, முன்னால குனிஞ்சுக்குவேன். அப்புறம்தான் உசிரு வரும்.”

நோய் இரண்டு என்பது இதிலேயே பாதி தெரிந்துவிட்டது. அவருக்குக் காலுக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. அந்த அம்மாவுக்கு முதுகுத்தண்டின் நரம்புப் பாதையில் இடநெருக்கடி.

நம் பேச்சுவழக்கும் இங்கே கொஞ்சம் குழப்பிவிடுகிறது. ரத்தக்குழாயில் போடுகிற ஊசியை ‘நரம்புல போட்ட ஊசி’ என்கிறோம். காலில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டால் அதற்குப் பெயர் ‘நரம்புச் சுருட்டு’. முதுகிலிருந்து காலுக்கு இறங்குவதும் நரம்புதான். ஆகவே ‘கால்ல நரம்பு இழுக்குது’ என்று ஒருவர் சொன்னால், அவர் எந்தக் குழாயை அல்லது எந்தக் கம்பியைச் சொல்கிறார் என்பதைக் கேட்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் அவருடைய காலைப் பார்ப்போம். தொடை வழியே இறங்கும் பெரிய ரத்தக்குழாய் முழங்காலுக்குச் சற்று மேலே, தசைகளுக்கு நடுவே ஒரு இடுக்கான சந்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது. கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து அடைத்துக்கொள்வது பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான். அடைப்பு தொடையில், வலி அதற்குக் கீழே உள்ள கெண்டைக்காலில். இன்னும் மேலே, இடுப்புப் பகுதியில் அடைத்தால் புட்டமும் தொடையும் வலிக்கும்.

முக்கிய சாலை அடைபட்டாலும் பக்கத்துச் சந்துகள் வழியாகக் கொஞ்சம் ரத்தம் போய்ச் சேரும். சும்மா உட்கார்ந்திருக்கும் காலுக்கு அது போதும். நடக்கத் தொடங்கியதும் தசைக்கு ரத்தம் பல மடங்கு வேண்டும். அவ்வளவையும் சந்துகளால் கொண்டுவர முடியாது. தசை பட்டினி கிடந்து வலியால் கத்துகிறது. நின்றவுடன் தேவை குறைந்துவிடுவதால் வலியும் அடங்குகிறது. உட்கார்ந்தாரா, நின்றாரா, குனிந்தாரா என்பதைப் பற்றித் தசைக்குக் கவலையில்லை. அது வேலை செய்யாமலிருந்தால் சரி. வலி வருகிற தூரம் அநேகமாக மாறாமல் இருப்பதும் இதனால்தான். மேடேறினால் அந்தத் தூரம் குறையும். சைக்கிள் மிதித்தாலும் வலிக்கும்.

இந்தக் கதை மருத்துவ ஏட்டில் முதலில் ஏறியது ஒரு குதிரையால். 1831-இல் பூலே என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர், ஓடும்போது பின்னங்கால் நொண்டி, நின்றால் சரியாகிவிடும் குதிரை ஒன்றைப் பற்றி எழுதினார். அதன் பின்னங்கால் ரத்தக்குழாய் அடைபட்டிருந்தது. மனிதர்களிடமும் அதுவே நடக்கிறது என்று ஷார்க்கோ என்ற பாரிஸ் மருத்துவர் 1858-இல் எழுதினார். முதுகுத்தண்டு குறுகினாலும் இதே மாதிரி வலி வரும் என்பதை டச்சு அறுவை மருத்துவர் ஃபெர்பீஸ்ட் 1954-இல் விரித்து எழுதிய பிறகே மருத்துவ உலகம் அதைப் பரவலாகக் கவனித்தது. அதுவரை எத்தனை முதுகுகளைக் கால் நோய் என்று நினைத்தார்களோ!

அந்த அம்மாவின் முதுகில் நடப்பது வேறு. முதுகெலும்புகளுக்குள் ஒரு குழாய் போன்ற பாதை மேலிருந்து கீழே ஓடுகிறது. இடுப்பருகே அதற்குள் கால்களுக்கான நரம்புகள் குதிரைவால் மாதிரி கொத்தாகத் தொங்குகின்றன. வயதாக ஆக முன்பக்கமிருந்து தட்டு பிதுங்கும், பின்பக்கமிருந்து மஞ்சள் நிறத் தசைநார் ஒன்று தடிக்கும், இரண்டு பக்க மூட்டுகளும் பெருக்கும். நிமிர்ந்து நின்றால் அந்தத் தசைநார் மடிந்து உள்ளே தள்ளுகிறது, பாதை இன்னும் குறுகுகிறது. குனிந்தால் அது இழுபட்டு நேராகிறது, பாதை சற்று அகலமாகிறது. ஆகவே அவருக்கு நடையைவிட நிமிர்ந்த முதுகுதான் பிரச்சினை. சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியின் கைப்பிடியில் சாய்ந்தபடி ஒரு மணி நேரம் சுற்றுவாராம். “அங்க மட்டும் இவளுக்குக் கால் வலியே வராது டாக்டர்” என்று கணவர் கிண்டல் செய்தார். அது கிண்டல் அல்ல, நோயின் கையெழுத்து. மாடிப்படி ஏறும்போது உடல் முன்னால் சாய்வதால் அவருக்குத் தொல்லை குறைவு. இறங்கும்போது முதுகு பின்னால் வளைவதால் கால் கனக்கும். வலி வருகிற தூரமும் நாளுக்கு நாள் மாறும். உட்கார்ந்த பிறகும் முழுதாக விலகப் பத்து நிமிடம்கூட ஆகும்.

பேச்சு முடிந்ததும் இருவர் கால்களையும் தொட்டுப் பார்த்தேன். அவருடைய வலது பாதம் இடதைவிடச் சில்லென்று இருந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் பளபளத்து, முடி உதிர்ந்திருந்தது. பாதத்தின் மேல்புறத்தில், கட்டை விரலை உயர்த்தினால் எழும் நாணுக்குச் சற்று வெளிப்பக்கம் ஒரு துடிப்பு இருக்க வேண்டும். உள் கணுக்காலுக்குப் பின்னால் இன்னொன்று. வலது காலில் இரண்டும் இல்லை. முழங்காலின் பின்குழியிலும் இல்லை. தொடை இடுக்கில் மட்டும் நன்றாக அடித்தது. அடைப்பு இந்த இரண்டுக்கும் நடுவே, தொடையில். பாதத்தின் மேல் துடிப்பு பிறவியிலேயே சிலருக்குத் தட்டுப்படாது, அது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அந்த அம்மாவுக்கு எல்லாத் துடிப்பும் இருந்தது.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. கையில் ரத்த அழுத்தம் பார்ப்பதுபோலவே கணுக்காலுக்கு மேலே பட்டையைக் கட்டி, பேனா அளவு டாப்ளர் கருவியால் ரத்தம் ஓடும் ‘உஷ், உஷ்’ சத்தத்தைக் கேட்டு அழுத்தம் அளப்போம். அதைக் கை அழுத்தத்தால் வகுக்க வேண்டும். படுத்த நிலையில் கணுக்கால் அழுத்தம் கையைப்போலவோ சற்றுக் கூடுதலாகவோ இருப்பது இயல்பு. விடை 0.9 அல்லது அதற்குக் குறைவு என்றால் அடைப்பு. அவருக்குக் கையில் 150, வலது கணுக்காலில் 84. ஆக 0.56. அந்த அம்மாவுக்கு 140-க்கு 150, அதாவது 1.07.

இந்தக் கணக்கும் சில சமயம் ஏமாற்றும். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கல்லாகிவிடும். பட்டையால் அதை நசுக்கவே முடியாது. விடை 1.4-க்கு மேல் வந்தால் கால் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று மகிழக் கூடாது, கால் கட்டை விரலில் அளக்க வேண்டும். ஓய்வில் சரியாக இருந்து, நடந்தால் மட்டும் விழுகிற அழுத்தமும் உண்டு. சந்தேகம் தீராவிட்டால் நடக்கவைத்து வலி வந்ததும் மறுபடி அளப்போம்.

அப்படியானால் அவருடைய எம்.ஆர்.ஐ. பொய் சொன்னதா? இல்லை. அறுபது தாண்டிய முதுகுகளைப் படமெடுத்தால், எந்த வலியும் இல்லாத பலருக்குக்கூட அந்தப் பாதை குறுகித்தான் தெரியும். நரையைப்போல அதுவும் வயதின் சுவடு. வலிக்கு அதுதான் காரணமா என்பதைப் படம் சொல்லாது. நோயாளியின் நடையும் நிற்பும்தான் சொல்லும். அவருக்கு முதுகில் ஆபரேஷன் நடந்திருந்தால் தழும்புதான் மிஞ்சியிருக்கும், பிள்ளையார் கோயில் கம்பம் அங்கேயே நின்றிருக்கும். இரண்டு நோயும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு. அதுதான் எங்களுக்கே தலைவலி. எது அதிகம் முடக்குகிறதோ அதை முதலில் கவனித்து, மிச்சம் என்ன என்று பார்ப்போம்.

அவர் நாற்பது வருடம் பீடி பிடித்தவர், சர்க்கரையும் உண்டு. கால் ரத்தக்குழாய் அடைத்தவருக்கு இதயத்திலும் மூளையிலும் அதே வேலை நடந்துகொண்டிருக்கலாம். காலை இழப்பதைவிட மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்துதான் அதிகம். அதனால் பீடியை அடியோடு விடச் சொல்லி, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரையும் எழுதினேன். காலுக்கு மருந்து நடைதான். வலி நன்றாக ஏறும்வரை நடந்து, நின்று, விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். இப்படி ஒரு வேளைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரத்தில் மூன்று நாள், மூன்று மாதம். வலியோடு நடந்தால் கால் கெட்டுவிடாதா என்று பயந்தார். கெடாது. ஆனால் ராத்திரி படுக்கையில் பாதம் எரிந்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் தூக்கம் என்றாலோ, விரலில் புண் வந்து ஆறவில்லை என்றாலோ கதை வேறு. அப்போது பலூன் வைத்தோ மாற்றுப்பாதை போட்டோ ரத்தத்தைக் கொண்டுபோகத் தாமதிக்கக் கூடாது. திடீரென்று கால் வெளுத்துச் சில்லிட்டு மரத்துப்போனால் அடுத்த சில மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி. வெந்நீர்ப் பை ஒத்தடம் அவருக்கு ஆகவே ஆகாது. சர்க்கரையால் சூடு தெரியாத, ரத்தம் குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தால் அது லேசில் ஆறாது.

அந்த அம்மாவுக்கு முதுகை முன்னால் வளைக்கும் பயிற்சிகளையும், முன்னால் சாய்ந்து மிதிக்கும் நிலைச் சைக்கிளையும் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். ஆறேழு மாதத்தில் தேறாமல் அன்றாட வேலையே முடங்கினால், நெருக்கும் எலும்பையும் தசைநாரையும் அகற்றும் ஆபரேஷன் இருக்கிறது. சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ அடைத்துக்கொண்டாலோ, மறைவிடம் மரத்தாலோ அன்றைக்கே வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து வந்தார்கள். அவர் இப்போது கோயிலைத் தாண்டி, நிற்காமல் பள்ளிக்கூடம் வரை போய்விடுகிறார். பழைய தூரத்தைப்போல இரண்டு மடங்கு. கணுக்கால் அழுத்தத்தை மறுபடி அளக்கச் சொல்லி ஆசையோடு படுத்தார். கையில் 144, காலில் 82.

“0.57தானா? அடைப்பு கரையவே இல்லையா டாக்டர்?”

கரையவில்லை, நடையால் அடைப்பு கரையாது. கிடைக்கிற ரத்தத்தை வைத்துச் சிக்கனமாக வேலை செய்ய அவர் தசை கற்றுக்கொண்டிருக்கிறது என்றேன். அவருக்கு அந்த எண் பிடிக்கவில்லை. அந்த அம்மா அதற்குள் எழுந்து, என் மேசை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தபடி, “போலாமா?” என்றார்.