தேர்வே எழுதாதவன் முதலிடம் வந்த கதை

துறைவாரியாக மதிப்பெண் பட்டியல் போடுவது கல்லூரி அலுவலகத்தில் வருடா வருடம் வரும் வேலை. ஒரு துறைப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்தாற்போல் வர வேண்டும். துறைக்குள் அதிக மதிப்பெண் எடுத்தவர் மேலே நிற்க வேண்டும். மெனுவில் போய் வரிசைப்படுத்தினால் முடிந்துவிடும்தான். ஆனால் மறுகூட்டலில் ஒருவருக்கு நாலு மதிப்பெண் கூடினால் மறுபடி முதலிலிருந்து வரிசைப்படுத்த வேண்டும். எக்செலின் புதிய சூத்திரங்களில் அந்தத் தொல்லை இல்லை. மூலப் பட்டியலில் எண்ணை மாற்றிய கணமே வரிசை தானாக மாறிக்கொள்ளும்.

எட்டே பேர் கொண்ட சிறு பட்டியலை எடுத்துக்கொள்வோம். A பத்தியில் பெயர், B-யில் துறை, C-யில் மதிப்பெண். முதல் வரி தலைப்பு. விவரம் A2 முதல் C9 வரை.

```
கவிதா     கணிதம்       78
முருகன்    இயற்பியல்     91
ஷாலினி    வேதியியல்    66
பாலா      கணிதம்       92
ரேவதி     இயற்பியல்     84
ஜோசப்     கணிதம்       AB
அமுதா     வேதியியல்    88
செல்வி     இயற்பியல்     91
```

இப்போது E2 கட்டத்தில் மட்டும் இதை எழுதுகிறோம்:

```
=SORTBY(A2:C9,B2:B9,1,C2:C9,-1)
```

முதலில் இருப்பது வரிசைப்படுத்த வேண்டிய பட்டியல். அடுத்து வருபவை ஜோடி ஜோடியாக: எதை வைத்து, எந்தத் திசையில். 1 என்றால் ஏறுவரிசை, -1 என்றால் இறங்குவரிசை. துறையை முதல் ஜோடியாக வைத்ததால் மதிப்பெண்ணுக்கு ஒரே துறைக்காரர்களுக்குள் மட்டும்தான் வேலை. ஜோடிகளை இடம் மாற்றிப் போட்டால் கல்லூரி முழுவதற்குமான ரேங்க் பட்டியல் வந்துவிடும்; ஒரே மதிப்பெண் எடுத்தவர்களைப் பிரிக்க மட்டுமே துறை பயன்படும்.

என்டர் தட்டியதும் விடை E2-விலிருந்து G9 வரை தானே பரவுகிறது. பரவ வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தால் `#SPILL!` என்று நிற்கும். தடையாக இருப்பதை அழித்தால் சரியாகிவிடும். `#NAME?` என்று வந்தால் உங்களிடம் இருப்பது பழைய எக்செல். மைக்ரோசாஃப்ட் 365-லும் 2021 பதிப்பிலும் இது உண்டு, 2019-இல் கிடையாது.

வந்த விடையைப் பார்த்தால் ஒரு வேடிக்கை. இயற்பியல் சரி, வேதியியல் சரி. கணிதத்தில் முதலிடம் ஜோசப்புக்கு! பையன் தேர்வுக்கே வரவில்லை. AB என்றால் ஆப்சென்ட். ஏறுவரிசையில் எண்களுக்குப் பிறகுதான் எழுத்துகள் என்பது எக்செலின் கணக்கு. இறங்குவரிசையில் அது தலைகீழாகி, 92 எடுத்த பாலாவுக்கும் மேலே AB ஏறிக்கொள்கிறது. எட்டுப் பேரில் கண்ணில் படும். எண்ணூறு பேரில் படாது, நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பிறகுதான் யாராவது வந்து சொல்வார்கள். எண் அல்லாத எதையும் -1 என்று எடுத்துக்கொள்ளச் சொன்னால் ஜோசப் கீழே இறங்கிவிடுவான்:

```
=SORTBY(A2:C9,B2:B9,1,
 IF(ISNUMBER(C2:C9),C2:C9,-1),-1)
```

இது ஒப்பிடுவதற்கு மட்டும்தான். பட்டியலில் AB என்றே தெரியும். ஒரு எச்சரிக்கை: வேறு மென்பொருளிலிருந்து ஒட்டிய மதிப்பெண்கள் சில சமயம் எண் வேஷம் போட்ட எழுத்துகளாக இருக்கும். கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அவற்றை முதலில் எண்ணாக மாற்றாவிட்டால் 95 எடுத்தவரும் ஜோசப்போடு சேர்ந்து கடைசிக்குப் போவார்.

இப்போது கணிதத்தில் பாலா, ஜோசப், கவிதா என்று வருகிறது. 78 எடுத்த கவிதா ஆப்சென்ட்டுக்குக் கீழே ஏன்? அவர் வரியில் துறையின் பெயருக்குப் பின்னால் யாரோ ஒரு ஸ்பேஸ் தட்டியிருக்கிறார்கள். நமக்குத் தெரியாத அந்த இடைவெளியால் எக்செலுக்கு அது வேறொரு துறை. துறையை `TRIM(B2:B9)` என்று கொடுத்தால் அவர் பாலாவுக்கு அடுத்து வந்துவிடுவார். இயற்பியலில் முருகன், செல்வி இருவருக்கும் 91. பெயர் வரிசைப்படி வேண்டுமென்றால் மூன்றாவது ஜோடியாகப் பெயரைச் சேர்க்கலாம்:

```
=SORTBY(A2:C9,TRIM(B2:B9),1,
 IF(ISNUMBER(C2:C9),C2:C9,-1),-1,
 A2:A9,1)
```

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, எந்தப் பிழைச் செய்தியும் காட்டாத ஒன்று. விடைக்குப் பக்கத்தில் H பத்தியில் "கட்டணம் பாக்கி" என்று ரேவதிக்கு நேரே கையால் எழுதுகிறீர்கள். மறுகூட்டலில் ரேவதிக்கு 93 ஆகிறது. சூத்திரம் அவரை இயற்பியலின் உச்சிக்குக் கொண்டுபோகும். குறிப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும், இப்போது முருகனுக்கு நேரே. அதனால் குறிப்புகளை மூலப் பட்டியலின் D பத்தியில் எழுதிவிட்டு, சூத்திரத்தில் A2:C9 என்பதை A2:D9 ஆக்கிவிட வேண்டும். குறிப்பு இல்லாதவர்களுக்குக் கட்டத்தைக் காலியாக விட்டால் விடையில் 0 என்று வரும். ஒரு சிறு கோடு போட்டுவிடுங்கள்.