எவ்வளவு வைப்பது? கெல்லி கணக்கும் அதில் பாதியை மட்டும் எடுப்பவர்களும்

நூறு முறை சுண்டினால் சராசரியாக 60 முறை தலை விழும் ஒரு நாணயம். அந்த 60 சதவீதம் ஆட்டக்காரருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டுவிடுகிறது. கையில் 25 டாலர் தரப்படுகிறது. அரை மணி நேரத்துக்கு ஒவ்வொரு சுண்டலிலும் விரும்பிய தொகையைக் கட்டலாம். ஜெயித்தால் கட்டிய அளவு கூடவே கிடைக்கும், தோற்றால் கட்டியது போகும். விக்டர் ஹகானி, ரிச்சர்ட் டூயி ஆகிய இருவரும் 61 பேரை இப்படி ஆடவைத்து, அதன் முடிவுகளை 2016-இல் வெளியிட்டார்கள். ஆடியவர்கள் நிதித்துறை மாணவர்களும், அத்துறையில் வேலை பார்க்கும் இளைஞர்களும். தலை மீது கட்டினால் லாபம் என்று தெரிந்திருந்தும், 28 சதவீதம் பேர் கைப்பணம் முழுவதையும் இழந்தார்கள். 18 பேர் ஒரே சுண்டலில் இருந்ததையெல்லாம் வைத்தார்கள்.

எந்தப் பக்கம் கட்டுவது என்பது அவர்களுக்குத் தெரியும். எவ்வளவு கட்டுவது என்பதில்தான் விழுந்தார்கள். பங்குச் சந்தையில் இதை ‘பொசிஷன் சைஸிங்’ என்கிறார்கள். எந்தப் பங்கை வாங்கலாம் என்று நாள் முழுக்கப் பேசுகிற நம் தொலைக்காட்சிகள், எத்தனை பங்கு என்ற கேள்வியைப் பெரும்பாலும் தொடுவதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால், இந்தக் கேள்விக்கு 1956-லேயே ஒரு தெளிவான விடை எழுதப்பட்டுவிட்டது.

எழுதியவர் ஜான் கெல்லி. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர். தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானன் அங்கே அவருடைய சக ஊழியர். கெல்லி கற்பனை செய்துகொண்ட சூதாடிக்குத் தனியாக ஒரு தந்திக் கம்பி இருக்கிறது. ஊருக்குத் தெரியும் முன்பே அதில் ஆட்டத்தின் முடிவு வந்துவிடும். ஆனால் கம்பியில் இரைச்சல் உண்டு, சில நேரம் தவறான செய்தி வரும். எல்லாப் பணத்தையும் ஒவ்வொரு முறையும் வைத்தால் முதல் தவறான செய்தியிலேயே கதை முடிந்தது. ஒன்றுமே வைக்காவிட்டால் கம்பி இருந்தும் பயனில்லை. இரண்டுக்கும் நடுவில், நீண்ட காலத்தில் பணம் மிக வேகமாகப் பெருகும் ஒரே ஒரு பங்கு உண்டு என்று கெல்லி காட்டினார்:

f = (bp − q) / b

இதில் p ஜெயிக்கும் வாய்ப்பு, q தோற்கும் வாய்ப்பு, b என்பது ஒரு ரூபாயைப் பணயம் வைத்தால் ஜெயிக்கும்போது கிடைக்கும் லாபம். விடையாக வரும் f, கையிருப்பில் எவ்வளவு பங்கைப் பணயம் வைக்கலாம் என்பது. மேலே சொன்ன நாணயத்துக்கு b ஒன்று, p 0.6, q 0.4. விடை 0.2. அதாவது ஒவ்வொரு முறையும் அப்போது கையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. கையிருப்பு குறைந்தால் பந்தயமும் குறையும், கூடினால் கூடும்.

இதை ரூபாயில் போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாயுடன் 100 முறை சுண்டி, கணக்குப்படியே 60 தலை, 40 பூ விழுந்ததாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் 20 சதவீதம் கட்டியவரிடம் கடைசியில் சுமார் 74,900 ரூபாய் இருக்கும். 10 சதவீதம் கட்டியவரிடம் சுமார் 45,000. ‘நிச்சயம் ஜெயிக்கிற ஆட்டம்தானே, கொஞ்சம் கூட்டிக் கட்டுவோம்’ என்று 40 சதவீதம் கட்டியவர் போட்ட முதலில் இருந்தே இறங்கி 7,800 ரூபாய்க்கு வந்திருப்பார். 50 சதவீதம் கட்டியவரிடம் மிச்சம் 334 ரூபாய். நான்கு பேருக்கும் ஒரே நாணயம், அதே அறுபது வெற்றி.

இது நடப்பதற்குக் காரணம், லாபமும் நஷ்டமும் ஒன்றையொன்று பெருக்குவதுதான். பாதிப் பணத்தைக் கட்டி ஒரு முறை ஜெயித்து ஒரு முறை தோற்றால் 100 ரூபாய் முதலில் 150 ஆகி, பிறகு 75 ஆகும். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடுவதில்லை, கால்வாசி காணாமல் போகிறது. 20 சதவீதம் கட்டினால் 100 என்பது 120 ஆகி 96-இல் நிற்கும். 10 சதவீதம் என்றால் 99. பந்தயம் பெரிதாகப் பெரிதாக இந்த ஏற்ற இறக்கத்தின் தேய்மானம், வெற்றிகள் தரும் ஆதாயத்தைவிட வேகமாக வளர்கிறது. கெல்லி சொன்ன அளவில் வளர்ச்சி உச்சத்தைத் தொடுகிறது. ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கில் வளர்ச்சி பூஜ்யம். அதையும் தாண்டினால், சாதகமான ஆட்டத்திலேயே பணம் கரையும்.

எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் ஷானன் மூலம் இந்தச் சூத்திரத்தை அறிந்து, பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் பயன்படுத்தினார். பிறகு அதையே பங்குச் சந்தைக்கும் கொண்டுபோய்ப் பல ஆண்டுகள் முதலீட்டு நிதி நடத்தினார். அந்தத் தோர்ப்பே, சந்தையில் பாதிக் கெல்லி போதும் என்ற பக்கம் சாய்ந்தவர். சூத்திரம் தவறு என்பதற்காக அல்ல. சீட்டுக்கட்டில் 52 சீட்டு, போனவை எவை என்று எண்ணிவிடலாம், p என்ன என்பதைக் கணக்கிட்டுவிடலாம். கெல்லியின் சூதாடிக்கும் தன் கம்பியில் எவ்வளவு இரைச்சல் என்று தெரியும். சந்தையில் அந்த p யாருக்கும் தரப்படுவதில்லை. பழைய வியாபாரக் கணக்கைப் பார்த்து மதிப்பிடுகிறோம், அவ்வளவுதான்.

நாணயத்தின் தலை வாய்ப்பு 60 சதவீதம் என்று நம்பி 20 சதவீதம் கட்டுகிறீர்கள், உண்மையில் அது 55 சதவீதம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 55-க்குச் சரியான கெல்லி அளவு 10 சதவீதம். அப்படியானால் நீங்கள் இரண்டு மடங்கு கட்டுகிறீர்கள், நூறு சுண்டலுக்குப் பிறகும் போட்ட முதல் அப்படியே நிற்கும். பாதிக் கெல்லி எடுத்து 10 சதவீதம் கட்டியவரோ, தெரியாமலேயே மிகச் சரியான இடத்தில் நிற்கிறார், அவருடைய 10,000 ரூபாய் 16,500 ஆகியிருக்கும். மதிப்பீடு சரியாகவே இருந்து 60 சதவீதம் உண்மையானால் பாதிக் கெல்லிக்காரர் இழப்பது என்ன? ஒரு சுண்டலுக்கு 2 சதவீத வளர்ச்சிக்குப் பதில் 1.5 சதவீதம். வேகத்தில் கால்வாசியை விட்டுக்கொடுக்கிறார், ஏற்ற இறக்கம் பாதியாகிறது. குறைத்துக் கட்டியதற்கான விலை சிறியது. கூட்டிக் கட்டியதற்கான விலை முதலையே தின்னும்.

இனி ஒரு டிரேடரின் கணக்கு. அவரிடம் 5 லட்சம் ரூபாய் இருக்கிறது. கடந்த 100 டிரேடுகளில் 45-இல் லாபம், 55-இல் நஷ்டம். லாபம் வந்தபோது, நஷ்டத்தின் சராசரியைப் போல இரண்டு மடங்கு வந்தது. p 0.45, b 2. சூத்திரத்தில் போட்டால் 0.175. ஒரு டிரேடில் 17.5 சதவீதத்தை, அதாவது 87,500 ரூபாயை இழக்கத் தயாராகலாம் என்கிறது விடை. 400 ரூபாய்ப் பங்கை வாங்கி 380-இல் ஸ்டாப் லாஸ் வைக்கிறார், ஒரு பங்குக்கு அபாயம் 20 ரூபாய். 87,500-ஐ 20-ஆல் வகுத்தால் 4,375 பங்குகள். அவற்றின் விலை 17.5 லட்சம்! கையில் இருப்பதோ 5 லட்சம். மீதிக்குக் கடன் வாங்க வேண்டும். ஏட்டில் அழகாகத் தெரிந்த எண், ஆர்டர் போடும் திரையில் இந்த உருவத்தில்தான் வந்து நிற்கிறது.

அந்த 45 சதவீதத்தை எவ்வளவு நம்பலாம்? நூறு டிரேடுதான் ஆதாரம் என்றால், தற்செயலால் மட்டுமே சுமார் 10 புள்ளிகள் இப்படியோ அப்படியோ போயிருக்கலாம். உண்மையான வெற்றி வாய்ப்பு 35-இலிருந்து 55 வரை எங்கும் இருக்கலாம். 55 என்றால் கெல்லி அளவு 32.5 சதவீதம், 35 என்றால் வெறும் 2.5 சதவீதம். உண்மை 35-ஆக இருந்து, இவர் 17.5 சதவீதம் வைத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு டிரேடுக்கும் சராசரியாக 2 சதவீதம் தேய்ந்து, அடுத்த 100 டிரேடில் 5 லட்சம் சுமார் 68,000 ஆகும். பாதிக் கெல்லியும் இங்கே தப்பாது. கால் கெல்லி, அதாவது 4.4 சதவீதம் வைத்தவர் மட்டும் ஏறாமல் இறங்காமல் தாக்குப்பிடிப்பார். புதிய முறையைக் கையிலெடுக்கும் அனுபவசாலிகள் காலில் தொடங்குவதற்குக் காரணம் இதுவே. பலர் இன்னும் குறைத்து, ஒரு டிரேடுக்கு 1 அல்லது 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வதையும் நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன்.

இன்னொரு காரணம் மனிதர்களின் மனம் சார்ந்தது. எல்லா எண்களும் துல்லியமாகத் தெரிந்தாலும் முழுக் கெல்லியின் பாதை கொடுமையானது. சிறு சிறு பந்தயங்களாக முடிவில்லாமல் ஆடுபவருக்கு, தொடங்கிய முதல் எப்போதாவது ஒரு நாள் பாதியாகும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. பாதிக் கெல்லியில் அது எட்டில் ஒன்றாகக் குறைகிறது, கால் கெல்லியில் 128-இல் ஒன்று. 5 லட்சம் இரண்டரை லட்சம் ஆவதைப் பார்த்தபிறகும் அதே முறையை மாறாமல் தொடர்பவர்கள் அரிது. பெரும்பாலோர் அந்த இடத்தில் கைவிட்டுவிடுவார்கள், அல்லது விட்டதைப் பிடிக்க இரண்டு மடங்காகக் கட்டுவார்கள். நீண்ட காலத்தில் வரவேண்டிய வளர்ச்சி அந்த நீண்ட காலம் வரை இருப்பவருக்கே வரும்.

சூத்திரம் பார்க்காத வேறு சங்கடங்களும் உண்டு. ஸ்டாப் லாஸ் 380-இல் இருந்தாலும், இரவில் மோசமான செய்தி வந்து பங்கு காலையில் 340-இல் திறந்தால் நஷ்டம் பங்குக்கு 60 ரூபாய். 4,375 பங்கு வைத்தவருக்கு 2,62,500 ரூபாய், அதாவது முதலில் பாதிக்கு மேல், ஒரே காலையில் போய்விடும். கால் கெல்லிப்படி 1,093 பங்கு வைத்தவருக்கு 65,580, வலிக்கும், ஆனால் மறுநாளும் வியாபாரம் செய்யலாம். தரகும் வரியும் சேர்ந்து பங்குக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டாலே 40 ரூபாய் லாபம் 39 ஆகும், 20 ரூபாய் நஷ்டம் 21 ஆகும். கெல்லி அளவு 17.5-இலிருந்து 15.4 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நான்கு வங்கிப் பங்குகளை வாங்கி நான்கிலும் தனித்தனியே கெல்லி அளவை வைப்பது இன்னும் ஆபத்தானது. ரிசர்வ் வங்கியின் ஓர் அறிவிப்பில் நான்கும் சேர்ந்தே விழலாம், அப்போது அது நான்கு பந்தயங்கள் அல்ல, நான்கு மடங்கான ஒரே பந்தயம். கால் கெல்லியின் 4.4 சதவீதத்தை அந்த நான்குக்கும் பிரித்துக்கொடுப்பதே சரி.

சூத்திரம் தரக்கூடிய இன்னொரு விடையைப் பலர் போட்டுப் பார்ப்பதே இல்லை. அதே இரண்டு மடங்கு லாபத்தில் வெற்றி வாய்ப்பு மூன்றில் ஒன்றாக இருந்தால் f பூஜ்யம். அதற்கும் கீழே என்றால் எதிர்மறை எண். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். செலவுகளைக் கழித்து, சொந்தக் கணக்கேட்டிலிருந்து p-யையும் b-யையும் எடுத்துப் போட்டால் அவர்களில் பெரும்பாலானோருக்கு வரும் f பூஜ்யமோ அதற்குக் கீழோதான். அதில் பாதி, கால் என்று பிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.