மெட்ஃபார்மின்: சாப்பாட்டோடு ஏன்? ஸ்கேன் என்றால் எப்போது நிறுத்துவது?

சர்க்கரை நோய்க்கு முதலில் எழுதித் தரப்படும் மாத்திரை பெரும்பாலும் மெட்ஃபார்மின்தான். அதைப் பற்றி டாக்டர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். வெறும் வயிற்றில் போடாதீர்கள் என்பது ஒன்று. டை ஏற்றி ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் இந்த மாத்திரை சாப்பிடுவதை மறக்காமல் சொல்லுங்கள் என்பது இன்னொன்று. இந்த மருந்து உடம்புக்குள் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று பார்த்தால் இரண்டுக்கும் காரணம் புரிந்துவிடும்.

மெட்ஃபார்மின் சிறுகுடல் வழியாக ரத்தத்தில் சேர்கிறது. மற்ற பல மருந்துகளைப்போல் கல்லீரலில் உருமாறுவதில்லை. வேலையை முடித்துவிட்டு, வந்த உருவிலேயே சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. வயிற்றுத் தொல்லை அது நுழையும் இடத்தில் வருவது. ஸ்கேன் பற்றிய எச்சரிக்கை அது வெளியேறும் இடத்தைப் பற்றியது.

வயிற்றை ஏன் கலக்குகிறது?

விழுங்கிய மாத்திரை முழுவதும் ரத்தத்தில் சேர்வதில்லை. ஏறக்குறைய பாதிதான் சேர்கிறது. மீதி குடலிலேயே தங்கி, மலத்தோடு போய்விடுகிறது. அதனால் ரத்தத்தில் இருப்பதைவிடக் குடல் சுவரில் மருந்தின் செறிவு பல மடங்கு அதிகம். குமட்டல், வயிறு உப்புசம், வயிற்றுப்போக்கு, வாயில் இரும்புச் சுவை எல்லாம் பெரும்பாலும் இதனால் வருபவை.

உணவோடு சேரும்போது மருந்து மெதுவாகக் கரைந்து, மெதுவாக உள்ளே போகிறது. ரத்தத்தில் சேரும் அளவும் சற்றுக் குறையும். ஆனால் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் பலன் அதனால் கெடுவதில்லை. 'சாப்பாட்டோடு' என்றால் பாதிச் சாப்பாட்டில், அல்லது கை கழுவியவுடன். டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பாட்டுக் கணக்கில் வராது. காலையில் காபி மட்டும் குடிப்பவர், மாத்திரையை மதியத்துக்கோ இரவுக்கோ மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சாப்பாட்டோடு போட்டும் வயிறு கேட்கவில்லை என்றால், பெரும்பாலும் அளவை வேகமாகக் கூட்டியதுதான் காரணமாக இருக்கும். வழக்கமாக 500 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரமோ இரண்டு வாரமோ விட்டு அடுத்த 500-ஐச் சேர்ப்பார்கள். தொல்லை வந்தால் முந்தைய அளவுக்கே திரும்பி, சில வாரம் பொறுத்து மறுபடி கூட்டிப் பார்ப்பார்கள். பலருக்கு முதல் சில வாரங்களிலேயே வயிறு பழகிவிடும்.

அப்படியும் அடங்காவிட்டால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று அட்டையில் குறித்திருக்கும் மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாற்றுவார்கள். இதைப் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டோடு போட வேண்டியிருக்கும். உடைக்காமல், கடிக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். பொடித்துவிட்டால் மெதுவாகக் கரையும் அமைப்பே போய்விடும். சில நாள் மலத்தில் மாத்திரை முழுசாக வந்ததுபோல் தெரியும். அது வெறும் கூடு. மருந்து ஏற்கெனவே உள்ளே போயிருக்கும்.

பல வருடமாக ஒத்துக்கொண்ட மாத்திரை, அளவும் மாறாதபோது திடீரென்று வயிற்றுப்போக்கு வந்தால், உடனே மாத்திரைமேல் பழி போட வேண்டாம். அதற்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

டை ஏற்றும்போது என்ன ஆகிறது?

சி.டி. ஸ்கேனிலும் ஆஞ்சியோகிராமிலும் ரத்தக் குழாயில் செலுத்தும் டையில் அயோடின் இருக்கிறது. அதுவும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால், டை ஏற்றிய இரண்டு மூன்று நாட்களுக்குள் அதன் வேலை மேலும் குறையக்கூடும். அப்போது மெட்ஃபார்மின் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கும். தேங்கினால் லாக்டிக் அமிலம் கூடி, ரத்தத்தின் அமிலத்தன்மை ஆபத்தான அளவுக்கு ஏறலாம். இது மிக அரிது. ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால்தான் இந்த முன்னெச்சரிக்கை.

ஆகவே டை, மாத்திரையோடு நேரடியாக மோதுவதில்லை. கேள்வி சிறுநீரகத்தைப் பற்றியது. அதற்குப் பார்க்க வேண்டிய எண் இ.ஜி.எஃப்.ஆர். கிரியாட்டினின், வயது, ஆணா பெண்ணா என்பவற்றை வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். கிரியாட்டினினை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடலாம். 1.4 என்ற அதே கிரியாட்டினின், 30 வயது ஆணுக்கு இ.ஜி.எஃப்.ஆர். ஏறக்குறைய 69 என்று காட்டும். 58 வயதுப் பெண்ணுக்கு 44-தான் வரும்.

எண் 60-க்கு மேல், டை கைநரம்பில் ஏற்றுவது என்றால் பொதுவாக மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. 30-க்குக் கீழே இருந்தாலோ, சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்பட்டிருந்தாலோ கட்டாயம் நிறுத்த வேண்டும். 30-க்குக் கீழே போனவர் மெட்ஃபார்மின் சாப்பிடவே கூடாது என்பதுதான் பொது விதி. இடைப்பட்ட 30 முதல் 60 வரைதான் கருத்து வேறுபாடு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் திருத்திய குறிப்பு, இவர்களும் நிறுத்த வேண்டும் என்கிறது. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியோ, நரம்பில் ஏற்றும் டைக்கு இவர்கள் நிறுத்தத் தேவையில்லை என்கிறது. ஒரு ஸ்கேன் சென்டர் நிறுத்தச் சொல்வதும் இன்னொன்று வேண்டாம் என்பதும் இதனால்தான். இதயம், சிறுநீரகம் பக்கம் தமனி வழியாக டை செலுத்தும் ஆஞ்சியோகிராம் என்றால் கூடுதல் கவனம் எடுப்பார்கள். டை இல்லாத சி.டி.க்கும், அல்ட்ராசவுண்டுக்கும் நிறுத்த வேண்டாம். எம்.ஆர்.ஐ.யில் ஏற்றுவது அயோடின் இல்லாத வேறு டை. வழக்கமாக அதற்கும் வேண்டாம்.

ஒரு கணக்கு

மேலே சொன்ன 58 வயதுப் பெண்ணுக்குத் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வயிற்று சி.டி. என்று வைத்துக்கொள்வோம். மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைடு 1 மில்லிகிராம் இரண்டும் சேர்ந்த மாத்திரையைத் தினமும் இரண்டு வேளை சாப்பிடுகிறார். எண் 44 என்பதால் நிறுத்துவது என்று அவருடைய டாக்டர் முடிவெடுக்கிறார். ஞாயிறு இரவு வழக்கம்போல் போடலாம். திங்கள் காலை போடக் கூடாது. ஸ்கேனுக்காகப் பட்டினி இருக்கும்போது கிளிமிபிரைடு போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் என்பதும் அதற்கு இன்னொரு காரணம்.

இங்கே பலர் குழம்புவது 48 மணி நேரம் என்பதில். அது ஸ்கேனுக்கு முந்தைய இரண்டு நாள் அல்ல, பிந்தைய இரண்டு நாள். புதன் காலை 10 மணிக்குப் பிறகு கிரியாட்டினின் பார்க்க வேண்டும். 1.4 அப்படியே இருந்தால், டாக்டர் சொல்ல, புதன் இரவுச் சாப்பாட்டோடு பழைய அளவில் மறுபடி தொடங்கலாம். விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாகப் போடக் கூடாது. 1.8 ஆகியிருந்தால் தொடங்கக் கூடாது. மறுபடி பரிசோதித்து டாக்டர் முடிவெடுப்பார்.

கூட்டு மாத்திரையை நிறுத்தினால் கிளிமிபிரைடும் சேர்ந்து நின்றுவிடுகிறது. அந்த இரண்டு நாளைக்கு அதைத் தனியாகத் தர வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்து வர வேண்டும். தன் மாத்திரையில் மெட்ஃபார்மின் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை என்பதால், ஸ்கேனுக்குப் போகும்போது மாத்திரை அட்டையையும் கடைசி கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் எடுத்துப் போவது நல்லது. விபத்து, பக்கவாதம் போன்ற அவசரங்களில் மாத்திரைக்காக ஸ்கேனைத் தள்ளிப்போட மாட்டார்கள். எடுத்துவிட்டு, பிறகு மாத்திரையை நிறுத்திவைத்துக் கவனிப்பார்கள்.

டை ஏற்றிய பின் சிறுநீர் குறைந்தாலோ, விடாத வாந்தி, வயிற்று வலி, தசை வலி, வேகமாக மூச்சு வாங்குதல், அசாதாரணமான தூக்கக் கலக்கம் வந்தாலோ மெட்ஃபார்மின் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்கேன் எடுக்காத நாளிலும் கடும் வாந்தியோ பேதியோ வந்து உடம்பில் நீர் வற்றினால் இதே விதிதான்: டாக்டரிடம் பேசி, உடம்பு தேறும் வரை மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டும்.